சின்ன விசேஷங்களுக்கான கேட்டரிங் மெனு கரோசல்: பிளேட் விலையையும் குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையையும் சிக்கல் வராமல் போடுவது எப்படி

இருபது, முப்பது பேருக்குச் சமைத்துத் தரும் சின்ன கேட்டரிங் நடத்துகிறேன். முதல் தடவை இன்ஸ்டாகிராமில் மெனு கரோசல், அதாவது பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்க்கும் படங்களின் வரிசை, போட்டபோது படங்கள் நன்றாக வந்தன, விசாரிப்பும் நிறைய வந்தது. ஆனால் வந்த ஆர்டர்களில் பாதியில் பணத்தகராறு. ஒரு ஸ்லைடில் விலை, கடைசி ஸ்லைடின் அடியில் சின்ன எழுத்தில் 'குறைந்தபட்சம் 20 பேர்' என்று போட்டிருந்தேன். யாரோ விலை இருக்கும் ஸ்லைடை மட்டும் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்த ஒரு குடும்பம் 12 பேருக்கு அதே விலையில் கேட்டது. அவர்கள் கையில் இருந்த படத்தில் 20 என்ற எண்ணே இல்லை, அதனால் அவர்கள் மீது தப்பு சொல்ல முடியாது. நானும் ஒத்துக்கொண்டு செய்து கொடுத்தேன், என் கூலிகூட நிற்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று தடவை கரோசலைக் கலைத்துப் போட்டு ஒரு வழிமுறைக்கு வந்திருக்கிறேன். நீங்கள் புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் படம் எடுப்பதற்கு முன்னால் கணக்கில் உட்காருங்கள். கீழே வரும் எண்களை எந்த நாணயமாகவும் வைத்துக்கொள்ளலாம், நான் வெறும் எண்ணாகவே எழுதுகிறேன். உங்கள் ஊர்ச் செலவைப் போட்டு அதே வழியில் கணக்குப் பாருங்கள்.

## 1. முதலில் இந்தக் காகிதங்களை மேசையில் வையுங்கள்

கடைசியாகச் செய்த மூன்று ஆர்டர்களின் சாமான் பில், வண்டி வாடகை, ஆட்களுக்குக் கொடுத்த கூலி, பாத்திர வாடகைச் சீட்டு ஆகியவை வேண்டும். இன்னும் ஆர்டரே செய்யவில்லை என்றால் ஒவ்வொரு மெனுவையும் பத்துப் பேருக்கு ஒருமுறை வீட்டில் சமைத்துப் பார்த்து, வாங்கியதை எல்லாம் எழுதி வையுங்கள். அந்தச் சமையலிலேயே படமும் எடுத்துவிடலாம், அதற்கென்று தனியாக ஆகும் செலவு மிச்சம்.

உங்கள் ஊரில் உணவு விற்க உரிமம் கேட்பார்கள் என்றால் அதன் எண்ணும் கடைசி ஸ்லைடுக்குத் தேவைப்படும். வரி வாங்க வேண்டியவர் என்றால் விலைக்குள் வரி சேர்ந்ததா, தனியா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். நான் சேர்த்தே போடுகிறேன். போனில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்றால் வாடிக்கையாளர் மனதில் அந்த வித்தியாசம்தான் தங்கும்.

வேறொருவர் வீட்டு விசேஷத்தில் எடுத்த படத்தைப் போடுவதாக இருந்தால் அவர்களிடம் ஒரு வரி எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். வாட்ஸாப்பில் 'போட்டுக்கொள்ளுங்கள்' என்று வந்தால் போதும், அந்தச் செய்தியை அழிக்காமல் வையுங்கள்.

## 2. விலையையும் ஆள் எண்ணிக்கையையும் ஒரே கணக்கில் கண்டுபிடியுங்கள்

நிறையப் பேர் விலையை ஒரு பக்கம் முடிவு செய்துவிட்டு, குறைந்தபட்ச எண்ணிக்கையை 'எல்லாரும் 25 போடுகிறார்கள், நானும் 25' என்று போடுகிறார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். இந்த இரண்டும் ஒன்றை ஒன்று இழுப்பவை, தனித்தனியாக முடிவு செய்ய முடியாது.

செலவை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். பத்துப் பேர் வந்தாலும் முப்பது பேர் வந்தாலும் மாறாதது ஒரு குவியல். என் கணக்கில் வண்டி 150, பரிமாற இரண்டு ஆட்கள் 400, பாத்திர வாடகையும் கழுவுவதும் 100, இரண்டு நாள் முன்னால் சாமான் வாங்கப் போகும் அலைச்சலுக்கு 150, ஆக 800. இதை நிலைச் செலவு என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது குவியல், ஒரு ஆள் கூடினால் கூடுவது. சாமான் 48, கொஞ்சம் மிச்சமாகச் சமைக்க வேண்டியதற்கு 4, அடுப்புச் செலவு 4, தட்டு, டிஷ்யூ, தண்ணீர் சேர்த்து 6. ஒரு பிளேட்டுக்கு 62 ஆகிறது.

இந்த 'மிச்சமாகச் சமைப்பது' என்ற 4-ஐ விட்டுவிடாதீர்கள். 30 பேர் என்றால் சரியாக 30 பேருக்குச் சமைக்க முடியாது, ஒருவர் இரண்டாவது முறை கேட்டு வாங்கினால் கடைசி ஆளுக்குக் குறையும். நான் சாமானில் எட்டு சதவீதம் அளவுக்குக் கூடுதலாக வைக்கிறேன், அதுதான் இந்த 4.

அப்புறம் உங்கள் கூலி. ஒரு நிகழ்வுக்குப் போய் வந்தால் குறைந்தது எவ்வளவு கையில் நிற்க வேண்டும்? என் எண் 500. அதற்குக் கீழே என்றால் அந்த நாள் வீட்டில் இருப்பதே மேல்.

இப்போது கணக்கு இவ்வளவுதான்:

```
குறைந்தபட்ச பேர் = (நிலைச் செலவு + உங்கள் கூலி) ÷ (பிளேட் விலை − பிளேட் செலவு)
```

பிளேட் விலை 130 வைத்தால், 1300 ÷ 68 = 19.1. ஆக 20 பேர். அதே மெனுவை 110-க்குக் கொடுக்க நினைத்தால், 1300 ÷ 48 = 27.08, ஆக 28 பேர். இருபது குறைத்ததற்கு எட்டு ஆள் கூட வேண்டியிருக்கிறது பாருங்கள். போனில் 'கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்' என்று கேட்கும்போது எனக்கு இந்தக் கணக்குதான் கை கொடுக்கிறது. விலையைக் குறைக்கலாம், ஆனால் 28 பேர் வேண்டும் என்று நிதானமாகச் சொல்ல முடிகிறது.

ஒரு இடத்தில் கவனம் வேண்டும். நிலைச் செலவு என்றாலும் அது ஒரு கட்டத்தில் தாவும். 40 பேர் தாண்டினால் பரிமாற மூன்றாவது ஆள் வேண்டும், நிலைச் செலவு 1000 ஆகிவிடும். வண்டியில் ஏற்றக்கூடிய அளவு தாண்டினால் இரண்டாவது நடை. உங்களுக்கு அந்தத் தாவல் எந்த எண்ணில் வருகிறது என்று தெரியாமல் 50 பேருக்கு விலையைக் குறைத்துப் போட்டுவிடாதீர்கள்.

## 3. விலை வரம்புகள் மூன்று போதும், ஆனால் எல்லையில் பள்ளம் இருக்கிறதா பாருங்கள்

ஆள் கூடினால் விலை குறைய வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்ப்பார்கள், அது நியாயமும்கூட. என் வரம்புகள் இப்படி:

20 முதல் 29 பேர் வரை: பிளேட் 130
30 முதல் 49 பேர் வரை: பிளேட் 118
50 பேரும் அதற்கு மேலும்: பிளேட் 110

பார்க்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் 29 பேர் வரும் வீட்டுக்கு 29 × 130 = 3770. ஒரு ஆள் கூடி 30 ஆனால் 30 × 118 = 3540. கூட ஒரு ஆளுக்குச் சமைத்து 230 குறைவாக வாங்குகிறோம். இதை முதலில் நான் கவனிக்கவில்லை, ஒரு வாடிக்கையாளர்தான் போனில் கேட்டார். '28 பேர்தான், ஆனால் 30 என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்குச் சல்லிசாக வருகிறது' என்றார். அவர் கணக்கு சரி.

இந்தப் பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். அடுத்த வரம்பின் மிகக் குறைந்த தொகையை இப்போதைய விலையால் வகுக்க வேண்டும். 3540 ÷ 130 = 27.2. ஆக 28, 29 பேர் உள்ளவர்கள் பள்ளத்தில் நிற்கிறார்கள். மேலே உள்ள எல்லையில் 5500 ÷ 118 = 46.6, அதாவது 47, 48, 49.

வரம்புகளை நெருக்கமாக வைத்தால் பள்ளம் சின்னதாகும், முழுக்க மறையாது. நான் செய்வது, ஸ்லைடிலேயே ஒரு வரி: 'அடுத்த வரம்பின் தொடக்கத் தொகையைவிட அதிகமாக வாங்க மாட்டோம்.' 28, 29 பேர் என்றால் 3540 மட்டுமே. அந்த ஒன்றிரண்டு ஆர்டரில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது உண்மைதான், ஆனால் வாடிக்கையாளர் தானே கணக்குப் போட்டுப் பார்க்கும்போது ஏமாற்றப்பட்டதாக நினைக்க இடமில்லை. இந்தத் தொழிலில் அடுத்த ஆர்டர் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருப்பவரிடமிருந்துதான் வருகிறது.

நாலு, ஐந்து வரம்புகள் வேண்டாம். போன் திரையில் மூன்று வரிக்கு மேல் எண் இருந்தால் யாரும் படிப்பதில்லை.

## 4. '20 பேர்' என்றால் எந்த 20 என்று முடிவு செய்யுங்கள்

தகராறு வருவது பெரும்பாலும் இங்கேதான். மூன்று கேள்விக்குப் பதில் எழுதி வையுங்கள்.

முதலாவது, குழந்தைகள். பத்து வயதுக்குக் கீழே பாதி விலை என்று வைத்தால், எண்ணிக்கையிலும் அவர்கள் பாதியா, முழு ஆளா? ஒரு உதாரணம் பார்ப்போம். 24 பெரியவர்கள், 6 குழந்தைகள். வாடிக்கையாளர் மனதில் இது 30 பேர், அதனால் 118 விலை: 24 × 118 = 2832, குழந்தைகளுக்கு 6 × 59 = 354, மொத்தம் 3186. என் கணக்கில் ஆறு பாதி என்றால் மூன்று பிளேட், ஆக 27 பிளேட், 130 விலை, மொத்தம் 3510. வித்தியாசம் 324. இரண்டு பேரும் நேர்மையாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள், ஸ்லைடில் 'பேர்' என்று எழுதியதுதான் குழப்பம். இப்போது நான் 'பேர்' என்ற சொல்லை விலைப் பெட்டியில் போடுவதில்லை. '20 முழு பிளேட் முதல், 10 வயதுக்குக் கீழே 2 குழந்தைகள் = 1 பிளேட்' என்று எழுதுகிறேன்.

இரண்டாவது, இரண்டு மெனு கலந்து கேட்பது. 25 பேரில் 13 பேருக்கு ஒன்று, 12 பேருக்கு இன்னொன்று என்று கேட்பார்கள். மொத்தம் 25 என்பதால் குறைந்தபட்சம் தாண்டிவிட்டது என்று அவர்கள் நினைப்பார்கள். ஆனால் நமக்கு அடுப்பும் பாத்திரமும் இரண்டு மடங்கு, மிச்சமாகச் சமைப்பதும் இரண்டு இடத்தில். அதனால் 'ஒவ்வொரு மெனுவுக்கும் தனியாக 20 பிளேட்' என்று அந்தந்த மெனு ஸ்லைடிலேயே இருக்க வேண்டும். ஒரே மெனுவில் ஒரு பதார்த்தத்தை மட்டும் மாற்றித் தருவதற்கு நான் மறுப்பதில்லை, அதை ஆர்டர் பேசும்போது சொல்லிக்கொள்ளலாம், ஸ்லைடில் ஏற்ற வேண்டாம்.

மூன்றாவது, சொன்ன எண்ணுக்குக் குறைவாக வந்தால். 20 என்று சொல்லி 15 பேர் வந்தாலும் 20 பிளேட்டுக்கான 2600 வாங்குவோம் என்றால் அதை அப்படியே தொகையோடு எழுதுங்கள். 'குறைந்தபட்சம் 20' என்று மட்டும் எழுதினால், 15 பேர் என்றால் ஆர்டரே எடுக்க மாட்டார்கள் என்று சிலர் கேட்காமலேயே போய்விடுகிறார்கள், இன்னும் சிலர் 15-க்குத்தான் காசு என்று நினைக்கிறார்கள். 'குறைந்தபட்ச பில் 2600 (20 பிளேட்)' என்றால் இரண்டு சந்தேகமும் தீர்ந்தது.

12 பேர், 10 பேர் என்று கேட்பவர்களை முழுக்க விட்டுவிட வேண்டியதில்லை. அவர்களே வந்து எடுத்துப்போகும் பார்சல் என்று ஒரு தனி ஸ்லைடு வைத்திருக்கிறேன். வண்டி இல்லை, பரிமாற ஆள் இல்லை, பாத்திர வாடகை இல்லை, நிலைச் செலவில் மிஞ்சுவது 150-தான். அரை நாள் வேலை என்பதால் என் கூலி 300. டப்பாக்களுக்காகப் பிளேட் செலவு 68 ஆகிறது. விலை 115 வைத்தால் 450 ÷ 47 = 9.6, ஆக 10 பிளேட் போதும். இதைச் சேர்த்த பிறகு வேண்டாம் என்று சொல்லி அனுப்பும் ஆர்டர்கள் வெகுவாகக் குறைந்தன.

## 5. ஏழு ஸ்லைடு, எதில் என்ன

கணக்கு முடிந்தால் மீதி வேலை ஒரு மாலைப் பொழுதுதான். என் வரிசை இது.

முதல் ஸ்லைடில் ஒரே ஒரு படம், அதன் மேல் இரண்டு வரி: எந்த மாதிரி விசேஷத்துக்கு, எத்தனை பிளேட் முதல் என்ன விலை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. '110 முதல், 20 பிளேட் முதல்' என்று எழுதத் தோன்றும். இரண்டு எண்ணும் தனித்தனியே உண்மை, சேர்ந்து பொய். 110 என்பது 50 பிளேட்டுக்கான விலை. '20 பிளேட் = தலா 130, 50 பிளேட் = தலா 110' என்று ஜோடியாகவே எழுதுங்கள். விலை பெரிதாகத் தெரிகிறதே என்று பயப்படாதீர்கள். 110 பார்த்து வந்து 130 என்று கேள்விப்படும் ஆள் திரும்பிப் போய்விடுவார், 130 பார்த்து வந்தவர் பேசத் தயாராகத்தான் வருகிறார்.

இரண்டு, மூன்று, நான்காவது ஸ்லைடுகள் ஆளுக்கொரு மெனு. மேல் பாதியில் படம், கீழ் பாதியில் பதார்த்தங்களின் பெயர், அதன் கீழே ஒரு பெட்டி. அந்தப் பெட்டியில் மூன்று வரம்பின் விலை, குறைந்தபட்ச பில், குழந்தைகள் வரி, விலை எதுவரை செல்லும் என்ற தேதி எல்லாம் இருக்க வேண்டும். ஒவ்வொரு மெனு ஸ்லைடிலும் இதையே திரும்பத் திரும்பப் போடுவது அலுப்பாகத் தோன்றும். ஆனால் ஸ்லைடு தனியாகப் பிரிந்து அனுப்பப்படும் என்பதை நினைவில் வையுங்கள். எந்த ஒரு ஸ்லைடைத் தனியாகப் பார்த்தாலும் விலையும் எண்ணும் தேதியும் சேர்ந்தே தெரிய வேண்டும், என் 12 பேர் கதைக்கு மருந்து அதுதான். மூலையில் '3/7' என்று ஸ்லைடு எண்ணும் உங்கள் பெயரும் போன் எண்ணும் போட்டுவிடுங்கள், மீதி ஸ்லைடுகள் இருக்கின்றன என்று அனுப்பப்பட்டவருக்குத் தெரியும்.

பதார்த்தங்களை எழுதும்போது வேர்க்கடலை, பால், கோதுமை, முட்டை போன்றவை சேர்ந்தவற்றைக் குறித்துக் காட்டுங்கள். ஒவ்வாமை உள்ளவர் எந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். அவருக்காக வீட்டுக்காரர் போன் செய்து கேட்பார் என்று நம்பி விடக்கூடாது.

ஐந்தாவது ஸ்லைடு பார்சல், மேலே சொன்ன 10 பிளேட்.

ஆறாவது ஸ்லைடில் ஒரு முழு பில். இதுதான் எனக்கு அதிகம் வேலை செய்யும் ஸ்லைடு. 24 பெரியவர்கள், 6 குழந்தைகள் என்ற அதே உதாரணத்தை வரி வரியாகப் போட்டிருக்கிறேன்: 27 பிளேட் × 130 = 3510, பரிமாறுவது சேர்ந்தது, வண்டி இத்தனை தூரம் வரை சேர்ந்தது, மேசை நாற்காலி சேராது. எது சேரும் எது சேராது என்று தனியாக ஒரு பட்டியல் போட்டிருந்தேன், யாரும் படிக்கவில்லை. பில்லாகப் போட்டதும் அதையே காட்டி 'இதுபோல எங்களுக்கு எவ்வளவு வரும்' என்று கேட்கிறார்கள்.

ஏழாவது, ஆர்டர் செய்யும் முறை. தேதி, நேரம், இடம், பெரியவர் எத்தனை, குழந்தைகள் எத்தனை, எந்த மெனு என்று அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை நாள் முன்னால் ஆர்டர் வேண்டும், அட்வான்ஸ் எவ்வளவு, கடைசி எண்ணிக்கை எப்போது சொல்ல வேண்டும் என்பதும் இங்கே. நான் ஏழு நாள் முன்னால் ஆர்டர், மூன்று நாள் முன்னால் கடைசி எண்ணிக்கை என்று வைத்திருக்கிறேன். சாமான் வாங்கப் போவது இரண்டு நாள் முன்னால், அதற்கு ஒரு நாள் இடைவெளி. அந்த மூன்றாம் நாளுக்குப் பிறகு எண்ணிக்கை கூடலாம், குறையாது. கூடுவதற்கும் ஒரு அளவு வைத்துக்கொள்ளுங்கள், நான் ஐந்து பிளேட் வரைதான் ஒத்துக்கொள்கிறேன். உரிம எண்ணும் இதே ஸ்லைடின் அடியில்.

## 6. எழுத்தும் அளவும்

எல்லா ஸ்லைடையும் 1080 × 1350 பிக்சல் அளவில் செய்யுங்கள். இன்ஸ்டாகிராமில் வேறு வேறு அளவுப் படங்களைக் கலந்து போட்டால் முதல் ஸ்லைடின் அளவுக்கு மற்றவை வெட்டப்படலாம், அப்போது வெட்டுப்படுவது அடியில் இருக்கும் விலைப் பெட்டியாகத்தான் இருக்கும். ப்ரொஃபைல் பக்கத்தில் சின்னதாகத் தெரியும்போதும் ஓரம் வெட்டுப்படும். நாலு பக்கமும் 100 பிக்சல் இடம் விட்டு, அதற்குள் எழுதுங்கள்.

எழுத்து 36 பிக்சலுக்குக் கீழே போனால் போனில் படிக்க முடியாது. விலையும் பிளேட் எண்ணிக்கையும் ஒரே பருமனில், 80 அல்லது 90-ல் இருக்கட்டும். விலையைப் பெரிதாகப் போட்டு எண்ணிக்கையைச் சின்னதாகப் போட்டால், எண்ணிக்கையை மறைத்ததாகத்தான் அர்த்தம்.

தமிழில் எழுதினால் இரண்டு விஷயம். வரிகளுக்கு இடையே ஆங்கிலத்துக்கு வைப்பதைவிட அதிக இடம் விடுங்கள். மேலே 'கி'யின் சுழியும் கீழே 'பு'வின் வாலும் இடித்துக்கொள்ளும். அப்புறம், சில டிசைன் செயலிகளில் தமிழ் இல்லாத எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கொம்பும் காலும் பிரிந்து இடம் மாறி நிற்கும். Noto Sans Tamil, Catamaran, Mukta Malar போன்ற எழுத்துருக்கள் இலவசம், சரியாகவும் வருகின்றன. படமாகச் சேமித்த பிறகு போனில் திறந்து 'கொ', 'கோ', 'கௌ' வரும் சொற்களை ஒருமுறை படித்துப் பாருங்கள். செயலிக்குள் சரியாகத் தெரிந்தது சேமித்த படத்தில் உடைந்து எனக்கு வந்திருக்கிறது.

படத்துக்குத் தனி ஆள் வேண்டியதில்லை. ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில், சமைத்து இறக்கிய அரை மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாக: பிளேட்டில் எவ்வளவு வைத்து எடுக்கிறீர்களோ அவ்வளவுதான் பரிமாற வேண்டும். படத்துக்காகக் குவித்து வைத்து எடுத்தால், பந்தியில் உட்கார்ந்தவர் போனை எடுத்துக் காட்டுவார்.

## 7. போடுவதற்கு முன் ஒருவரிடம் காட்டுங்கள்

உங்கள் தொழில் தெரியாத ஒருவரிடம் முதல் நான்கு ஸ்லைடை மட்டும் காட்டி, '22 பெரியவர்கள், 4 குழந்தைகள், இரண்டாவது மெனு, எவ்வளவு ஆகும்?' என்று கேளுங்கள். பக்கத்தில் நின்று விளக்காதீர்கள். 24 பிளேட், 3120 என்று அவர் ஒரு நிமிடத்துக்குள் சொன்னால் கரோசல் தயார். 26 × 130 என்று தொடங்கினால் குழந்தைகள் வரி கண்ணில் படவில்லை, அதைப் பெரிதாக்குங்கள். என் அக்காவிடம் காட்டியபோது மூன்று முறை தப்பாகச் சொன்னார், மூன்று முறையும் திருத்த வேண்டியிருந்தது என் ஸ்லைடைத்தான்.

## 8. போடும்போதும் போட்ட பிறகும்

படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடினால் கிடைக்கும் என்று நம்ப முடியாது, கண் தெரியாதவர்களின் போன் அதைப் படித்துக் காட்டும் என்பதற்கும் உறுதியில்லை. அதனால் கீழே எழுதும் குறிப்பின் முதல் இரண்டு வரியில் விலையும் எண்ணிக்கையும் எழுத்தாகவே வரட்டும், அதற்குப் பிறகுள்ளது மடிந்துவிடும். 'சின்ன விசேஷங்களுக்கு 20 பிளேட் முதல். 20 பிளேட் = தலா 130, 30 = 118, 50 = 110' என்று நேராகத் தொடங்குங்கள். வாழ்த்தும் வரவேற்பும் அதற்குப் பின்னால் வரலாம்.

போட்ட பிறகு குறிப்பைத் திருத்தலாம், ஆனால் ஒரு ஸ்லைடை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதுப் படம் வைக்க முடியாது. விலை மாறினால் புதிதாகத்தான் போட வேண்டும். சாமான் விலை ஏறியதும் நான் குறிப்பை மட்டும் திருத்தினேன், படத்தில் பழைய விலை அப்படியே இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் படத்தைத்தான் காட்டினார்கள். அதனால்தான் தேதியை ஸ்லைடுக்குள்ளேயே போடச் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு மேல் தேதி கொடுக்காதீர்கள். தேதி முடிவதற்கு ஒரு வாரம் முன்னால் அந்த 62-ஐ மறுபடி கணக்குப் போடுங்கள். 62 என்பது 68 ஆகியிருந்தால், 130 விலையில் 1300 ÷ 62 = 20.97, இனி 21 பிளேட் வேண்டும். விலையை 133 ஆக்கினால் 20 பிளேட்டே போதும். நான் எண்ணிக்கையைத் தொடாமல் விலையைத்தான் மாற்றுகிறேன், '20 பிளேட்' என்பது வாடிக்கையாளர் மனதில் பதிந்துவிட்ட எண்.

வாட்ஸாப்பில் கேட்பவர்களுக்கு ஏழு படத்தையும் தனித்தனியாக அனுப்பாமல் ஒரே பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். வரிசை கலையாது, எழுத்தும் மங்காது. கோப்பின் பெயரிலேயே தேதியை வையுங்கள். பழைய ஸ்லைடோடு யாராவது வந்தால், தேதி முடிந்திருந்தாலும் முதல் பத்து நாள் வரை பழைய விலைக்கே எடுத்துக்கொள்கிறேன், அதற்குப் பிறகு புதுப் பிடிஎஃபை அனுப்பிவிட்டு அதில் இருக்கும் விலையை வைத்துப் பேச ஆரம்பிக்கிறேன்.